சிகரெட்டை விட்டால் விறைப்பு திரும்புமா?

வாசகர் கேள்வி:

"எனக்கு 32 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கல்யாணமாகி இரண்டரை வருஷம். 19 வயதில் சிகரெட் பழகினேன். முதல் அஞ்சு வருஷம் நாளைக்கு ஆறு, அப்புறம் எட்டு வருஷமாகப் பதினஞ்சு. காலையில் எழுந்து கால் மணி நேரத்துக்குள் டீயோடு முதல் சிகரெட் பிடித்தாக வேண்டும். எட்டு மாசமாக விறைப்பு வருகிறது, ஆனால் நிற்பதில்லை. உறவு தொடங்கும்போதே தளர்ந்துவிடுகிறது. ஆரம்பத்தில் எப்போதாவது நடந்தது, இப்போது அடிக்கடி. காலையில் தூங்கி எழும்போதும் முன்போல் இல்லை. படுக்கப் போகும் முன் டென்ஷன் குறைய பால்கனியில் ஒன்று பிடித்துவிட்டுத்தான் போவேன். ஒரு வைத்தியர் 'சின்ன வயசுக் கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி 18,000 ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார், பலன் இல்லை. நண்பர் கொடுத்த மாத்திரை இரண்டு தடவை நன்றாக வேலை செய்தது. சிகரெட்தான் காரணமா என்று பார்க்க ஒன்பது நாள் அறவே நிறுத்தினேன். முன்னைவிட மோசமாகத்தான் இருந்தது, திரும்பப் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்பாவுக்கு 52 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது. மனைவி, தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அழுகிறாள். சிகரெட்தான் காரணமா? விட்டால் திரும்ப வருமா, எத்தனை நாளில்?"

பதில்:

முதலில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நல்ல செய்தி அதில்தான் இருக்கிறது. நண்பர் கொடுத்தது அநேகமாக சில்டெனாஃபில் அல்லது டடாலாஃபிலாக இருக்கும். இந்த மாத்திரைகள் தாமாக விறைப்பை உண்டாக்குவதில்லை. ஆசை எழுந்து, நரம்பு வழியாக ஆணுறுப்புக்குச் செய்தி போய், அங்கே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்க வேண்டும். அதன் வேலையை நீட்டித்துத் தருவது மட்டுமே மாத்திரையின் பங்கு. நரம்பு செய்தி கொண்டுபோகாவிட்டால் மாத்திரைக்கு நீட்டிக்க ஒன்றுமே இருக்காது. உங்களுக்கு இரண்டு முறையும் நன்றாக வேலை செய்திருக்கிறது என்றால், உங்கள் நரம்புகள் ஒழுங்காக இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். "நரம்புத் தளர்ச்சி" என்ற முடிவு அங்கேயே அடிபட்டுப் போகிறது. கைப்பழக்கம் நரம்பையோ ரத்தக் குழாயையோ கெடுப்பதில்லை. அந்தக் குற்ற உணர்வை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, இது மனம் சார்ந்ததா, உடல் சார்ந்ததா என்ற கேள்வி. மனக்கவலையால் மட்டும் வரும் பிரச்சினை பெரும்பாலும் திடீரென்று தொடங்கும். மனைவியோடு இருக்கும்போது வராது, ஆனால் விடியற்காலையில் நன்றாக வரும். உங்களுக்கு மெல்ல மெல்லக் கூடியிருக்கிறது, காலை விறைப்பும் குறைந்திருக்கிறது. இரண்டும் ரத்த ஓட்டத்தைக் காட்டுகின்றன. எட்டு மாதத் தோல்விகளால் பயமும் இப்போது சேர்ந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வந்த விறைப்பு ஏன் நிற்பதில்லை

ஆணுறுப்பின் உள்ளே நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு திசுத் தூண்கள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவற்றின் நுண்ணிய தசைகள் இறுகியே இருக்கும், உள்ளே ரத்தம் அதிகம் வராது. நைட்ரிக் ஆக்சைடு சுரந்ததும் அந்தத் தசைகள் தளர்கின்றன, தமனிகள் விரிகின்றன, பஞ்சின் அறைகள் வேகமாக ரத்தத்தால் நிரம்புகின்றன. இந்தத் தூண்களைச் சுற்றி விறைப்பான ஒரு உறை உண்டு. ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் அந்த உறைக்கு உட்புறம் ஒட்டியபடி ஓடுகின்றன. பஞ்சு நிரம்பி உப்பும்போது சிரைகள் உறையோடு நசுங்கி மூடிக்கொள்கின்றன. உள்ளே வந்த ரத்தம் அங்கேயே தங்குகிறது. விறைப்பு நிற்பது இப்படித்தான்.

ஆக, வெளியேறும் வழியை அடைப்பதும் உள்ளே பாயும் ரத்தத்தின் வேலைதான். பாய்ச்சல் மந்தமானால் பஞ்சு முக்கால்வாசி நிரம்பும், விறைப்பும் தெரியும். ஆனால் சிரைகள் முழுதாக நசுங்காது. வந்த ரத்தம் பின்வழியே கசிந்துகொண்டே இருக்கும். உடல் நிலையை மாற்றும்போதோ, கவனம் சற்று சிதறும்போதோ சட்டென்று தளர்ந்துவிடும். "வருகிறது, நிற்பதில்லை" என்று நீங்கள் எழுதியதற்கு இதுவே பொருத்தமான விளக்கம். தமனி முழுதாக அடைபட்டிருந்தால் வருவதே கஷ்டமாக இருக்கும். நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை.

சிகரெட் இரண்டு வேகத்தில் கெடுக்கிறது

ஒன்று, உடனடிக் கெடுதல். புகையை இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டுகிறது, அட்ரினலின் சுரக்கிறது, உடம்பெங்கும் சிறு தமனிகள் இறுகுகின்றன. ஆணுறுப்பின் பஞ்சுத் தசையை இறுக்கியே வைத்திருப்பதும் இதே அட்ரினலின் வகைச் செய்திதான். 2008-இல் அமெரிக்காவில் புகை பழக்கமே இல்லாத இளைஞர்களுக்கு 6 மில்லிகிராம் நிக்கோட்டினை சூயிங்கம்மாகக் கொடுத்துச் சோதித்தார்கள். பாலியல் தூண்டுதலின்போது விறைப்பின் அளவு சுமார் 23 சதவீதம் குறைந்தது. புகையே இல்லாமல், ஒரே வேளை நிக்கோட்டினுக்கே இந்த விளைவு.

இப்போது உங்கள் பால்கனி சிகரெட்டுக்கு வருவோம். அது டென்ஷனைக் குறைப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது குறைப்பது, முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் இறங்கியதால் வந்த பரபரப்பை. அதே நேரம் கீழே தமனிகளை இறுக்கிவிடுகிறது. ரத்தத்தில் நிக்கோட்டின் பாதியாகக் குறையவே சுமார் 2 மணி நேரம் ஆகும். அதாவது உறவுக்குச் சற்று முன்னால், மிகக் கெடுதலான நேரம் பார்த்து அதைப் பிடிக்கிறீர்கள். இன்னும் முழுதாக விடாவிட்டாலும், அந்த ஒன்றை இன்றிரவே நிறுத்துங்கள்.

இரண்டாவது, மெல்ல நடக்கும் கெடுதல். ரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்கு செல்கள் மூடியிருக்கின்றன. நரம்பு தொடங்கிவைத்த விறைப்பைத் தொடர்ந்து பிடித்து நிறுத்தத் தேவையான நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பது இந்த உட்படலம். சிகரெட் புகையில் வரும் ஆக்சிஜனேற்றிகள், சுரந்த நைட்ரிக் ஆக்சைடைத் தசையை எட்டும் முன்பே அழித்துவிடுகின்றன. நாள்பட, அதைச் சுரக்கும் நொதியின் வேலையும் கெடுகிறது. இதோடு கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் உட்கார்ந்துகொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்கிறது.

ஆக்சிஜன் குறைவது ஏன் முக்கியம் என்றால், ஆரோக்கியமான ஆணுக்கு ஒவ்வோர் இரவும் தூக்கத்தில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். அந்தப் பஞ்சுத் திசுவுக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் தாராளமாகக் கிடைக்கும் வேளைகள் அவை. காலையில் எழும்போது இருப்பது அதன் கடைசிச் சுற்று. இரவு விறைப்பு குறைந்து, திசு வருடக்கணக்கில் ஆக்சிஜன் பற்றாக்குறையில் இருந்தால், மென்மையான தசை இருக்கும் இடத்தில் நார் படியத் தொடங்கும். நார் விரியாது. அந்த மாற்றம் முற்றிவிட்டால் சிகரெட்டை விட்டும் முழுதாகத் திரும்பாது. 45 வயதில் யோசிக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மருத்துவத்தில் 20 சிகரெட்டை ஒரு பாக்கெட்டாக வைத்து, தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் பிடித்தால் அதை ஒரு பாக்கெட்-வருடம் என்போம். முதல் 5 வருடம் நாளைக்கு 6 சிகரெட்: அது 1.5. அடுத்த 8 வருடம் நாளைக்கு 15: அது 6. மொத்தம் 7.5 பாக்கெட்-வருடம். கெடுதல் செய்யப் போதுமான அளவுதான். ஆனால் 30, 40 பாக்கெட்-வருடத்தைத் தாண்டி 55 வயதில் வருபவரின் குழாயும் உங்களுடையதும் ஒன்றல்ல. உட்படலம் கெட்டிருக்கலாம், தழும்பும் நாரும் அதிகம் படிந்திருக்க வாய்ப்பு குறைவு. மாத்திரைக்கு நன்றாக எழுந்தது அதையேதான் சொல்கிறது.

அந்த ஒன்பது நாள்

நீங்கள் செய்த சோதனை நியாயமான யோசனைதான். ஆனால் அந்த ஒன்பது நாள், முடிவைப் பார்க்கவே முடியாத ஒன்பது நாள். சிகரெட்டை நிறுத்தியதும் எரிச்சல், பதற்றம், தூக்கக் கெடுதல் எல்லாம் முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரம் வரை இழுக்கும். பதற்றம் என்றால் அட்ரினலின். அட்ரினலின் விறைப்புக்கு எதிரி. தூக்கம் உடைந்தால் கனவு காணும் தூக்கம் குறையும், அதோடு சேர்ந்து வரும் இரவு விறைப்பும் குறையும். அதற்கு மேல், "இன்றைக்கு வருகிறதா பார்க்கலாம்" என்று ஒவ்வோர் இரவும் உங்களை நீங்களே பரீட்சை வைத்திருப்பீர்கள்.

ரத்தக் குழாய் தேற ஆரம்பித்திருந்தாலும், இந்த மூன்றும் சேர்ந்து அதை மறைத்திருக்கும். முதல் மாதத்தில் மோசமாகத் தெரிந்தால், சிகரெட் காரணமில்லை என்று அர்த்தமாகாது.

எது எப்போது திரும்பும்

கார்பன் மோனாக்சைடு ஒரு நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். நிக்கோட்டினும் ஓரிரு நாளில் கிட்டத்தட்ட வடிந்துவிடும். உடனடி இறுக்கம் அதோடு விலகுகிறது. சிகரெட்டை நிறுத்திய ஓரிரு நாளிலேயே சோதனைக் கருவிகளில் முன்னேற்றம் பதிவானதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவியில் தெரிவது உங்களுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதில்லை.

உட்படலம் தேறுவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ஒரு வருடம் வரைகூட முன்னேற்றம் தொடரும். கொழுப்புப் படிவு ஏற்கெனவே இருந்தால் அது கரைந்து காணாமல் போகாது, வளரும் வேகம்தான் மட்டுப்படும்.

இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துபவை அவை. ஒன்று, நிக்கோட்டின் பேட்ச் உதவியோடு புகையை விட முயன்ற ஆண்களை வைத்து நடந்தது. விட்டு வென்றவர்களுக்கும், விட முடியாமல் திரும்பியவர்களுக்கும் ஆய்வகத்தில் விறைப்பை அளந்து பார்த்தார்கள். பேட்சையும் நிறுத்தி நான்கு வாரம் ஆனபின், வென்றவர்களின் உடல் அளவுகள் தெளிவாக மேம்பட்டிருந்தன. ஆனால் "படுக்கையறையில் எப்படி இருக்கிறது" என்று கேட்டபோது அவர்கள் தந்த பதிலில் இரு தரப்புக்கும் அந்த அளவு வித்தியாசம் இல்லை. குழாய் முதலில் தேறுகிறது, நம்பிக்கை பின்னால் வருகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மூன்றாம் மாதம் நீங்கள் சோர்ந்துபோகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று 2004-இல் வெளியான ஈரானிய ஆய்வு. விறைப்புக் குறைபாடு உள்ள, 30 முதல் 60 வயது வரையிலான புகைப்பவர்களை ஒரு வருடம் கவனித்தார்கள். விட்டவர்களில் குறைந்தது நான்கில் ஒருவருக்கு நிலை மேம்பட்டது. தொடர்ந்து பிடித்தவர்களில் ஒருவருக்குக்கூட மேம்படவில்லை. வயது அதிகமானவர்களுக்கும் பிரச்சினை முற்றியவர்களுக்கும் பலன் குறைவாக இருந்தது. நான்கில் ஒருவர்தானா என்று நீங்கள் கேட்கலாம். நடுத்தர வயதினரும் சேர்ந்த கூட்டம் அது. உங்களுக்கு 32 வயது, பிரச்சினை எட்டு மாதப் பழசு, மாத்திரைக்கு எழுகிறது. இந்த மூன்றும் உங்களுக்குச் சாதகம். உறுதிமொழி தர முடியாது. ஆனால் ஆறு மாதத்தில் கண்ணால் காணும்படி முன்னேற்றம் எதிர்பார்ப்பது நியாயம்.

15-ஐ 4 ஆகக் குறைத்தால் போதுமா என்று அடுத்து யோசிப்பீர்கள். போதாது. ரத்தக் குழாய்க்கு வரும் கெடுதல் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி நேர்கோட்டில் குறைவதில்லை. நாளைக்கு ஒன்று பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. பீடியும் ஹுக்காவும் இதற்கு மாற்றல்ல.

விடும் முறை

எழுந்து கால் மணி நேரத்துக்குள் சிகரெட் தேவைப்படுகிறது என்பது, நிக்கோட்டின் பிடி உங்களிடம் பலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். மன உறுதியை மட்டும் நம்பி இறங்கியதால்தான் ஒன்பதாம் நாள் விழுந்தீர்கள். இந்த முறை மருந்தின் துணையோடு இறங்குங்கள்.

ஒரு வழி, பேட்சும் சூயிங்கமும் சேர்ந்தது. நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கு 21 மில்லிகிராம் பேட்ச் 6 வாரம், பிறகு 14 மில்லிகிராம் 2 வாரம், 7 மில்லிகிராம் 2 வாரம். காலையில் மேற்கை, மார்பு போன்ற இடத்தில் ஒட்ட வேண்டும், தினம் இடத்தை மாற்ற வேண்டும். தூக்கம் கெட்டால் இரவு கழற்றிவிடலாம். திடீர் ஆசைக்கு 2 மில்லிகிராம் சூயிங்கம். இதைச் சாதாரண சூயிங்கம் போல் மென்றால் விக்கலும் நெஞ்சு எரிச்சலும்தான் வரும். மெதுவாக மென்று, காரம் போல் சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம்.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டீ, காபி, குளிர்பானம் குடித்த உடனே மென்றால் வாயில் அமிலத்தன்மை கூடி நிக்கோட்டின் சரியாக உறிஞ்சப்படாது. டீயோடு சிகரெட் என்ற பழக்கத்துக்குப் பதிலாக டீயோடு சூயிங்கம் என்று மாற்றினால் பலன் இருக்காது. "சூயிங்கம் எனக்கு வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் இப்படித்தான் மெல்கிறார்கள். எழுந்ததும் முதலில் சூயிங்கம். அது முடிந்த பின் டீ. டீக்கும் அடுத்த சூயிங்கமுக்கும் நடுவே 15 நிமிடமாவது இடைவெளி. முதல் மாதம் கம்பெனி வாசல் டீக்கடையைத் தவிர்த்து, டீயை மேசைக்கு வரவழைத்துக் குடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

சூயிங்கமிலும் நிக்கோட்டின்தானே, அதுவும் விறைப்பைக் கெடுக்காதா என்ற சந்தேகம் சரியானது. உறவுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் அதை மெல்ல வேண்டாம். மற்றபடி, பேட்சிலும் சூயிங்கமிலும் கார்பன் மோனாக்சைடு இல்லை, குழாயை அரிக்கும் புகை இல்லை, நிக்கோட்டினும் சிகரெட்டைப் போல் குபீரென்று ஏறுவதில்லை. சில வார உதவிக்குப் பின் நிறுத்திவிடப் போகிற பொருள் அது.

இன்னொரு வழி வாரெனிக்ளின் மாத்திரை, மருத்துவர் சீட்டோடு. இதில் நிக்கோட்டின் இல்லை என்பதால் உங்களுக்கு இதை முதலில் பரிசீலிக்கலாம் என்பது என் கருத்து. முதல் 3 நாள் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த 4 நாள் அதே அளவு இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இரு வேளை. மொத்தம் 12 வாரம். சிகரெட்டை நிறுத்தும் நாள் அந்த எட்டாம் நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடுங்கள். கனவுகள் அதிகம் வரலாம். மன நோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண் கட்டணமில்லாத அரசு ஆலோசனை எண். ஆசை தலைக்கேறும் வேளையில் அதில் பேசலாம்.

விட்டபின் முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ எடை கூடும். இடுப்புச் சுற்றளவு கூடுவது விறைப்புக்குத் தனியாக ஒரு கெடுதல். ஆகவே வேகமான நடையை முதல் வாரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம்.

அப்பாவின் 52 வயது

கடிதத்தில் ஒரே வரியாக எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது அப்படிக் கடக்கக்கூடிய வரி அல்ல. தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், அது உங்களுக்கும் ஆபத்துக் காரணி. ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரே நோய் உடம்பெங்கும் பரவும்போது சிறிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். விறைப்புக் குறைபாடு தொடங்கிச் சில வருடம் கழித்து இதய நோய் வெளிப்படுவது நடுத்தர வயதினரிடம் நன்றாக அறியப்பட்ட வரிசை.

அதனால் சிகரெட்டை விட்டுப் பலன் தெரியட்டும் என்று காத்திராமல், இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை, டெஸ்டோஸ்டிரோன். கடைசி ஒன்றைக் காலை 10 மணிக்குள், சாப்பிடாமல் கொடுக்க வேண்டும். மாலையில் கொடுத்தால் இயல்பாகவே குறைவாகக் காட்டி வீண் பயத்தைக் கிளப்பும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தாலோ, நடக்கும்போது பாதத்திலோ கெண்டைக்காலிலோ வலி வந்து நின்றால் சரியானாலோ, கால்விரல் குளிர்ந்து நிறம் மாறினாலோ மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். இளம் வயதிலேயே புகைப்பவர்களின் கைகால் குழாய்களை அடைக்கும் பர்ஜர் நோய் அப்படித்தான் தொடங்கும்.

மாத்திரை, லேகியம்

நண்பரிடம் வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்துப் போடுவதில் தவறே இல்லை. உறவு மறுபடி இயல்பாக நடக்க ஆரம்பித்தால் பயம் விலகும், விலகினால் மீட்சியும் எளிதாகும். வழக்கமாக சில்டெனாஃபில் 50 மில்லிகிராம், ஒரு மணி நேரம் முன்பு. பிரியாணி, பரோட்டா போன்ற எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் வேலை தொடங்கத் தாமதமாகும். ஆனால் சிகரெட்டைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே மாத்திரையை மட்டும் நம்பினால், சில வருடத்தில் மாத்திரை நீட்டிக்க வேண்டிய நைட்ரிக் ஆக்சைடே குறைந்துபோகும்.

உங்கள் வீட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை. அப்பா இதய நோயாளி என்பதால், நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வீட்டில் இருக்கக்கூடும். நீங்கள் சில்டெனாஃபில் போட்ட நாளில் நெஞ்சு வலி வந்து, வீட்டில் யாராவது பதறிப்போய் அந்த மாத்திரையை உங்களுக்குக் கொடுத்தால், ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும்படி இறங்கிவிடும். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்கும், டடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடவே கூடாது. இதை மனைவியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டேன் என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

லேகியத்துக்கு இன்னும் பணம் செலவழிக்காதீர்கள். "வீரியம்" தருவதாக விற்கும் பல மூலிகைத் தயாரிப்புகளில் சில்டெனாஃபிலையே அளவு சொல்லாமல் கலந்திருப்பது உலகமெங்கும் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பாலியல் குறைபாட்டைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. அப்படி விளம்பரம் செய்பவரிடம் போகாமலிருக்க அதுவே போதும்.

மனைவியிடம்

நீங்கள் பேசாமல் திரும்பிப் படுத்தால் அவர் தன்னைத்தான் குறை காண்பார். விறைப்பு நிற்காததற்குக் காரணம் ரத்தக் குழாய், அது சிகரெட்டால் வந்தது, அதற்கு வைத்தியம் தொடங்கியிருக்கிறேன் என்று பகலில், படுக்கையறைக்கு வெளியே சொல்லுங்கள். முடிந்தால் மருத்துவரைப் பார்க்கும்போது அழைத்துப் போங்கள். உங்கள் வாயால் கேட்பதைவிட மருத்துவர் வாயால் "இது உங்களால் இல்லம்மா" என்று கேட்டால் அவருக்கு மனசு ஆறும். முதல் மூன்று, நான்கு வாரம் உறவை முடித்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை இருவரும் சேர்ந்து தள்ளிவையுங்கள். தொடுவதும் அணைப்பதும் இருக்கட்டும். பரீட்சை இல்லாத இரவுகளில்தான் அட்ரினலின் இறங்கும்.

முன்னேற்றத்தை அளக்க, காலை விறைப்பைக் காலண்டரில் குறித்து வாருங்கள். இருந்ததா, இல்லையா, எவ்வளவு உறுதி, அவ்வளவு போதும். மனநிலையால் அதிகம் மாறாத அளவுகோல் அது. வாரத்துக்கு ஒரு நாள் இருந்தது நான்கு நாளாக மாறினால், படுக்கையில் இன்னும் தடுமாறினாலும் குழாய் தேறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மிச்சமிருப்பது பயம்தான், அதற்குப் பாலியல் ஆலோசகர் உதவுவார்.

சிகரெட்டை முழுதாக நிறுத்தி ஆறு மாதமாகியும் காலை விறைப்பு கூடவில்லை என்றாலோ, இடையில் மாத்திரையே வேலை செய்யாமல் போனாலோ யூராலஜிஸ்டைப் பாருங்கள். ஆணுறுப்பில் ஊசி போட்டு விறைப்பை வரவழைத்து டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் பாயும் உச்ச வேகம் விநாடிக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தமனி நன்றாக இருக்கிறது, 25-க்குக் கீழே இருந்தால் பாய்ச்சலில் குறை. "சிரைக் கசிவு" என்று அறிக்கை வந்தால் உடனே அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துவிட வேண்டாம். ஸ்கேன் அறையின் பதற்றமே பஞ்சுத் தசையைத் தளரவிடாமல் அப்படிப் பொய்யாகக் காட்டும். அமைதியான சூழலில், தேவைப்பட்டால் மருந்தின் அளவைக் கூட்டி, மறுபடி பார்த்த பிறகே அதை நம்பலாம். ஊசி போட்ட விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் நேரம் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.